போனில் சொன்ன ‘சரி’ எங்கே இருக்கிறது?

1980 டிசம்பர் 12 தேதியிட்டு ஒரு தொழிற்சாலை ஊழியருக்குக் கடிதம் வந்தது. டிசம்பர் 3 முதல் எட்டு நாட்களுக்கு மேல் லீவு சொல்லாமல் வரவில்லை, ஆகவே கம்பெனியின் நிலையாணைப்படி அவர் தானாகவே வேலையை விட்டுவிட்டதாகக் கருதப்படுகிறார் என்றது கடிதம். ஊழியர் சொன்னது வேறு. 3ஆம் தேதியும் அதற்குப் பிறகு தினமும் வேலைக்குப் போனதாகவும், கேட்டிலேயே நிறுத்திவிட்டதாகவும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட விடவில்லை என்றும் அவர் சொன்னார். லேபர் கோர்ட் கம்பெனி சொன்னதை ஏற்றுக்கொண்டது.

டி.கே. யாதவ் எதிர் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் என்ற அந்த வழக்கு 1993இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நிலையாணையில் எழுதியிருக்கிறது என்பதற்காக, விளக்கம் கேட்காமலும் விசாரணை நடத்தாமலும் ஒருவரை வேலையிலிருந்து எடுத்துவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, இடைப்பட்ட காலத்துக்குப் பாதிச் சம்பளமும் கிடைத்தது. ஆனால் அதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

லீவு தகராறுகளில் அடிபடும் முக்கியமான சொல் ‘வேலையைக் கைவிட்டார்’ என்பது. லீவு எடுத்தது தப்பு என்று எச்.ஆர். சொன்னால் அது ஒழுங்கு நடவடிக்கை. அதற்கு மெமோ, விளக்கம், விசாரணை என்று படிகள் உண்டு. கைவிட்டார் என்று சொல்லிவிட்டால், ‘நாங்கள் நீக்கவில்லை, அவரே போய்விட்டார்’ என்று கம்பெனி கையை விரித்துவிடலாம். அதனால்தான் பல கடிதங்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் கைவிடுவது என்பது மனசில் இருக்கும் எண்ணத்தைப் பொறுத்தது, வராத நாட்களை எண்ணி மட்டும் அதை முடிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1979லேயே சொல்லியிருக்கிறது. நோய், விபத்து, ஆஸ்பத்திரி போன்ற கட்டாயத்தால் ஒருவர் வர முடியாமல் போனால், அது வேண்டுமென்றே வராமல் இருந்ததாகாது என்று 2012இலும் சொன்னது.

எண்ணத்தை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஊழியர் அந்த நாட்களில் என்ன எழுதினார், எப்போது எழுதினார், யாருக்கு எழுதினார் என்பதைத்தான் பார்க்க முடியும். எழுதியது எதுவும் கையில் இல்லை என்றால், வருகைப் பதிவில் ஆப்சென்ட் என்று விழுந்திருக்கும் வரிசைதான் மிஞ்சும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை பார்க்கும் பெண். ஞாயிறு இரவு, திருநெல்வேலியில் அம்மாவுக்குப் பக்கவாதம் என்று தகவல் வருகிறது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மேனேஜருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார்: “சார், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஊருக்குப் போறேன்.” மேனேஜர் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு, “பார்த்துக்கோம்மா” என்கிறார். ஐந்தாம் நாள் அவரே போன் செய்து விசாரிக்கிறார். இன்னும் ஒரு வாரம் ஆகும் என்கிறார் பெண். “சரிம்மா, பரவாயில்லை” என்கிறார் அவர். பன்னிரண்டாம் நாள் எச்.ஆரிடமிருந்து மெயில் வருகிறது: அனுமதியின்றி வரவில்லை, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? மேனேஜரைக் கூப்பிட்டால், “நான் போர்ட்டல்ல போடச் சொன்னேனேம்மா” என்று பின்வாங்குகிறார்.

இதில் யாரும் பெரிய பொய் சொல்லவில்லை. அந்தப் பெண் அனுப்பிய செய்தியில் லீவு என்ற சொல்லே இல்லை. எத்தனை நாள் என்றும் இல்லை, எப்போது திரும்புவார் என்றும் இல்லை. கட்டைவிரல் எதற்குச் சம்மதம் சொன்னது, ஊருக்குப் போவதற்கா, இரண்டு வார லீவுக்கா? லீவை நீட்டித்த பேச்சு போனோடு போய்விட்டது. கால் லாக் எடுத்துப் பார்த்தால் அன்று நான்கு நிமிஷம் பேசியது தெரியும், என்ன பேசினார்கள் என்பது தெரியாது.

அதே பஸ்ஸில் உட்கார்ந்து அவர் இப்படி எழுதியிருந்தால்: “சார், அம்மாவுக்குப் பக்கவாதம். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஜூன் 9 திங்கள் முதல் 14 சனி வரை லீவு வேண்டும். 16ஆம் தேதி திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன்.” காரணம், தொடங்கும் தேதி, முடியும் தேதி, திரும்பி வரும் நாள். இதற்குக் கீழே விழும் “ஓகே” எதற்கான ஓகே என்பதில் குழப்பமே வராது. திரும்பி வரும் நாளை எழுதுவதுதான் இதில் மிக முக்கியம். வேலையை விட்டுவிடும் எண்ணம் உள்ளவர் வருகிற திங்கட்கிழமை வருகிறேன் என்று எழுத மாட்டார்.

போனில் பேசிய சம்மதத்தையும் அன்றைக்கே எழுத்துக்குக் கொண்டுவரலாம். அதற்கு மேனேஜர் எதையும் எழுதித் தர வேண்டியதில்லை. போனை வைத்ததும் பெண்ணே எழுதலாம்: “சார், இப்போது போனில் பேசியபடி என் லீவை 21 சனி வரை நீட்டிக்கச் சம்மதித்தீர்கள். நன்றி. 23 திங்கள் வருகிறேன். இதில் மாற்றம் இருந்தால் சொல்லுங்கள் சார்.” பதில் வராவிட்டாலும் இது வீண் அல்ல. படித்துவிட்டு மறுக்காமல் இருந்தவர், பிறகு ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று சொல்வது கடினம். அன்றன்றைக்கு எழுதியதற்கு உள்ள மதிப்பு, மூன்று மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதும் விளக்கத்துக்கு வராது.

இதையே எச்.ஆர். மெயில் முகவரிக்கும் ஒரு பிரதி அனுப்புவது நல்லது. லீவு கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது நியமன உத்தரவிலோ நிலையாணையிலோ கம்பெனிக் கொள்கையிலோ எழுதியிருக்கும். பல இடங்களில் அந்த அதிகாரம் நேரடி மேனேஜருக்கு இல்லை, அல்லது சில நாட்களுக்கு மட்டும்தான் உண்டு. அந்த மேனேஜர் ராஜினாமா செய்துவிட்டுப் போனால், அவர் போனில் இருந்த சம்மதமும் அவரோடு போய்விடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தகவல் சொன்னது அனுமதி வாங்கியதாகாது. மேனேஜர் லீவு இல்லை என்று எழுதிய பிறகும் ஒருவர் போனால், எத்தனை மெசேஜ் வைத்திருந்தாலும் அது அனுமதியில்லாத லீவுதான். 1946ஆம் ஆண்டின் மாதிரி நிலையாணைகள், பத்து நாட்களுக்கு மேல் அனுமதியின்றி வராமல் இருப்பதை ஒழுங்கீனப் பட்டியலில்தான் வைத்தன. எழுத்துச் சான்று அந்தக் குற்றச்சாட்டை அழித்துவிடாது. ஓடிப்போனவர் என்ற பெயர் விழாமல் காக்கும், விசாரணை நடத்தியே தீர வேண்டிய நிலையை உண்டாக்கும், தண்டனையின் கடுமையைக் குறைக்கக் காரணம் தரும்.

சான்றை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆபீஸ் மெயிலும் லீவு போர்ட்டலும் கம்பெனியின் கையில் இருக்கின்றன. தகராறு தொடங்கிய அன்று காலையில் லாகின் வேலை செய்யாது. அப்ரூவ்டு என்று வந்த பக்கத்தை அன்றைக்கே தேதி தெரியப் படம் எடுத்தோ பிடிஎஃப் ஆக இறக்கியோ சொந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். லீவு கேட்கும் மெயிலில் தன் சொந்த முகவரியையும் சிசியில் போடலாம். ஆனால் வாடிக்கையாளர் விவரங்கள், கணக்குகள் உள்ள மெயில்களைச் சேர்த்து அனுப்பிவிடக் கூடாது. ரகசியத்தை வெளியே கொண்டுபோனார் என்று அதுவே தனிக் குற்றச்சாட்டாக வந்து நிற்கும்.

வாட்ஸ்அப்பில் வேறு சிக்கல்கள் உண்டு. மறைந்துபோகும் செய்தி அமைப்பை மேனேஜர் போட்டிருந்தால் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ உரையாடல் தானாக அழிந்துவிடும். புது போன் வாங்கும்போது பேக்கப் எடுக்காமல் மாற்றினால் எல்லாம் போச்சு. ஸ்கிரீன்ஷாட்டில் ‘மேனேஜர் சார்’ என்று நாம் சேமித்து வைத்த பெயர்தான் தெரியும், அது யாருடைய எண் என்று தெரியாது. ஆகவே எண் தெரியும் பக்கத்தையும் ஒரு படம் எடுக்க வேண்டும். தான் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் எப்போது போய்ச் சேர்ந்தது என்று காட்டும். எதிராளி நீல டிக்கை அணைத்து வைக்காவிட்டால் எப்போது படித்தார் என்பதும் இருக்கும். உரையாடல் முழுவதையும் Export chat மூலம் தன் மெயிலுக்கு அனுப்பிவைத்தால் முன்பின் தொடர்போடு இருக்கும். வெட்டியெடுத்த ஒரே ஒரு வரியைவிட முழு உரையாடலைத்தான் நம்புவார்கள்.

நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 63ஆம் பிரிவு வரும். மின்னணுப் பதிவின் நகலைக் கொடுப்பவர் அதோடு ஒரு சான்றிதழையும் இணைக்க வேண்டும். அசல் போனையே கொண்டுவந்து காட்டினால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல், பழைய சட்டத்தின் கீழ் விளக்கியிருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றங்கள் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. இருந்தாலும் வழக்கு நடக்கும்போது பழைய போனை எக்சேஞ்சில் கொடுத்துவிடக் கூடாது.

லீவு முடிந்து திரும்பும் நாளும் முக்கியம். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை என்றால், கேட்டில் நின்றபடியே எச்.ஆருக்கு எழுத வேண்டும்: இன்று காலை 9.05க்கு வேலைக்கு வந்தேன், உள்ளே அனுமதிக்கவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். அன்றே அதைத் தபாலிலும் அனுப்ப வேண்டும். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட் ரசீதையும், சேர்ந்தது என்று காட்டும் டிராக்கிங் பக்கத்தையும் சேர்த்து வைத்தால் போதும்.

தபால் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 2000இல் சிண்டிகேட் வங்கி வழக்கில், 90 நாட்களுக்கு மேல் வராத ஊழியருக்கு வங்கி அனுப்பிய பதிவுத் தபால் ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. வங்கி நோட்டீஸ் கொடுத்துவிட்டது என்றே உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது, ஊழியர் தோற்றார். ஆபீஸிலிருந்து தபால் வந்தால் வாங்கி, உறையையும் வைத்துக்கொண்டு, கெடு முடிவதற்குள் பதில் எழுத வேண்டும். வீடு மாறியதை எச்.ஆருக்கு எழுதித் தெரிவிக்காதவர்களுக்கு நோட்டீஸ் பழைய முகவரிக்குத்தான் போகும். ஊரில் இருக்கும் நாட்களில் கடிதம் எங்கே வர வேண்டும் என்று லீவு விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.

ஊழியர் தேடிப் பார்க்காமலே கம்பெனி எழுதி வைத்திருக்கும் சான்றுகளும் உண்டு. அந்த மாதச் சம்பளச் சீட்டில் ஆறு நாள் சம்பளமுள்ள லீவு என்று கழித்திருந்தால், அந்த ஆறு நாளைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது போலத்தான். சம்பளமில்லா லீவு என்று போட்டிருந்தாலும் அவர் அப்போது பணியில் இருந்தவர் என்பது அதில் பதிவாகிவிடுகிறது. இபிஎஃப் உறுப்பினர் தளத்தில் Service History பக்கத்தைத் திறந்தால், வேலையை விட்ட தேதி என்று கம்பெனி பதிந்த நாள் தெரியும். நோட்டீஸுக்குப் பதில் சொல்ல ஒரு வாரம் கெடு கொடுத்துவிட்டு, அந்தக் கெடு முடிவதற்கு முந்தைய தேதியைத் தளத்தில் போட்டிருந்தால், அதை அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகும்போது, விளக்கம் கேட்பதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்கள் என்று சுட்டிக்காட்ட அந்தத் தேதி உதவும்.