முன்னோட்டத்தில் தெரியும் இரண்டு வரி

ஐஃபோனின் மெயில் செயலியைத் திறந்தால், ஒவ்வொரு கடிதத்துக்கும் அனுப்பியவர் பெயரும் தலைப்பும் தெரியும். அவற்றின் கீழே கடிதத்தின் முதல் இரண்டு வரி தெரியும். செட்டிங்ஸை மாற்றாதவரை அந்த அளவுதான். போனில் ஜிமெயில் பார்ப்பவருக்கு அதுவும் சுருங்கி ஒரே வரியாகிவிடும். நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தை நடத்துபவர், முன்பின் தெரியாத ஒருவரின் கடிதத்தை முதலில் சந்திப்பது இந்த இடத்தில்தான். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, ஒரு மீட்டிங் முடிந்து அடுத்தது தொடங்குமுன், கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே பார்ப்பார். திறப்பதா விடுவதா என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

வேலை கேட்டு நம் பிள்ளைகள் எழுதும் கடிதங்களில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். ‘ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம், ஐ ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல். மை நேம் இஸ்...’ இத்தோடு இடம் தீர்ந்துவிடுகிறது. பெயர்தான் மேலேயே தெரிகிறதே. எதற்காக எழுதினார், என்ன வேலை தெரியும் என்பதெல்லாம் மூன்றாவது வரிக்குக் கீழே போய்விட, அதைப் பார்க்கவேண்டியவர் அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பார்.

இது பிள்ளைகளின் குறை என்று நான் சொல்லமாட்டேன். நாம் பள்ளியில் பழகிய கடிதம் விடுப்பு விண்ணப்பமும் அலுவலக மனுவும்தான். மனுவைப் படித்தே ஆகவேண்டிய கடமை வாங்குபவருக்கு உண்டு. அதனால் வணக்கமும் பணிவும் முன்னால் வரலாம், கேட்பது கடைசியில் வரலாம். நிறுவனருக்கு அந்தக் கடமை இல்லை. அதே மனுவில் ‘பொருள்’ என்று ஒரு வரி எழுதக் கற்றோம். உண்மையில் அதுதான் உதவக்கூடியது. அதில்தான் ‘ஜாப் அப்ளிகேஷன்’ என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அவசரத்தில் இருப்பவர் முதலில் பார்ப்பது, இது தனக்கென்று எழுதியதா, ஐம்பது பேருக்குப் போனதா என்பதைத்தான். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு வெகுநேரம் ஆகாது. ஒட்டிய பெயர் வேறு எழுத்துருவிலோ வேறு அளவிலோ நிற்கும். சில சமயம் போட்டி நிறுவனத்தின் பெயர் அழிபடாமல் கிடக்கும். ‘உங்கள் புதுமையான நிறுவனத்தின் வளர்ச்சி என்னைக் கவர்ந்தது’ என்ற வரியும் அப்படித்தான். ஆள் பெயரையும் கம்பெனி பெயரையும் மாற்றினாலும் அந்த வாக்கியம் அப்படியே பொருந்தும். பொருந்துகிறதென்றால் அது பொதுக்கடிதம்.

அடுத்து அவர் தேடுவது, என்ன கேட்கிறார் என்பது. ‘தகுந்த வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்’ என்று எழுதினால், எந்த வேலை தகுந்தது என்று யோசிக்கும் பொறுப்பு படிப்பவர் தலையில் விழுகிறது. அவர் யோசிக்கமாட்டார்; பிறகு பார்க்கலாம் என்று வைப்பார்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். மருந்துக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு சிறு நிறுவனம். திருநெல்வேலிப் பக்கம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கும் ஒரு பெண், அதன் நிறுவனருக்கு எழுதுகிறாள். முதலில் அவள் எழுதியது, தான் கடின உழைப்பாளி, விரைவில் கற்பவள், ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன் என்ற வகை. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவளிடம் வேறொன்று இருந்தது. மாலையில் அவள் மாமாவின் மெடிக்கல்ஸில் உட்காருவாள். அங்கே ஓடுவது அந்த நிறுவனத்தின் பில்லிங்தான். அதில் ஒரு கோளாறை அவள் பலமுறை கையால் சரிசெய்திருக்கிறாள். அதை வைத்து எழுதினால் கடிதம் இப்படித் தொடங்கும்:

‘சார், எங்கள் மாமா கடையில் உங்கள் பில்லிங் ஓடுகிறது. சில்லறையாக விற்ற 3 மாத்திரையைத் திருப்பி எடுத்தால் ஸ்டாக்கில் 3 அட்டை ஏறுகிறது. 40 விநாடி வீடியோ கீழே இருக்கிறது. ஜூனில் படிப்பு முடிகிறது, டெஸ்டிங் வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா?’

தலைப்பு: ‘ரிட்டர்ன் போட்டால் ஸ்டாக் தப்பாக ஏறுகிறது, டெஸ்டிங் வேலை பற்றியும்’.

முன்னோட்டத்தில் ‘3 மாத்திரை, 3 அட்டை’ வரை தெரிந்தாலே போதும். தன் பொருளை உண்மையில் பயன்படுத்தியவர் எழுதியிருக்கிறார் என்று அவருக்குப் புரியும். பத்து மாத்திரை கொண்ட அட்டை என்றால் கணக்கில் 27 மாத்திரை கூடுதலாக நிற்கும் என்று அவர் மனது தானாகக் கணக்குப் போடும். கடிதத்தைத் திறப்பார். ‘கூர்ந்து கவனிப்பவள்’ என்று அவள் எங்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கேட்டதும் ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. குறை சொன்னால்தான் கவனிப்பார்கள் என்று எண்ணி, வெப்சைட்டில் ஒரு எழுத்துப் பிழையைத் தேடிப்பிடித்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் பொறுக்கியது என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். பயன்படுத்தியவருக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரமாக இருக்கவேண்டும்.

அந்நியர் ஒருவருக்கு எழுதிய கடிதங்களில் உலகம் அறிந்த ஒன்று சென்னையிலிருந்து போனது. 1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியது. அதன் தொடக்கம் முழுக்க மனுதான்: துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர், ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. கொஞ்சம் கீழே வந்தபின்தான் விஷயம் வருகிறது. ஹார்டியின் சிறு நூல் ஒன்றில் 36-ஆம் பக்கத்தைக் குறிப்பிட்டு, இதுவரை கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்லும் கோவைக்கு மிக நெருங்கிய ஒன்று என்னிடம் இருக்கிறது என்கிறார். பகா எண்களைப் பற்றிய அந்தக் கூற்று பின்னால் தவறென்று தெரிந்தது. ஆனாலும் கூடவே அனுப்பிய ஏறத்தாழ 120 தேற்றங்களை ஹார்டியால் ஒதுக்க முடியவில்லை. சம்பளத்தில் தொடங்கிய ஒரு கடிதத்தைக் காப்பாற்ற அத்தனை தேற்றங்கள் இருந்தன. நம்மில் பெரும்பாலோரிடம் அப்படி இல்லை. அந்த 36-ஆம் பக்கத்தைத்தான் முதல் வரிக்குக் கொண்டுவரவேண்டும்.

கடிதம் பிடித்திருந்தாலும் நிறுவனர் பெரும்பாலும் தானே பதில் எழுதமாட்டார் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. அந்தப் பெண்ணின் கடிதத்தை டெஸ்டிங் பார்ப்பவருக்கு, ‘இதைப் பாருங்க’ என்று ஃபார்வர்டு செய்வார். அங்கேயும் அதே இரண்டு வரிதான் வேலை செய்யவேண்டும். ‘நீங்கள் அன்று மேடையில் சொன்னதுபோல’ என்று தொடங்கிய கடிதம் இரண்டாவது ஆளிடம் போனதும் பொருளிழந்துவிடும். மாத்திரைக் கணக்கு யாரிடம் போனாலும் புரியும். பெரிய நிறுவனமாக இருந்தால், ஆள் எடுக்கும் மேலாளருக்கே நினைத்தவுடன் எடுக்கும் அதிகாரம் இருக்காது. அவர் செய்யக்கூடியது, மனிதவளப் பிரிவிடம் இந்தப் பெயரைக் கொஞ்சம் பாருங்கள் என்று சொல்வது. அப்படிப்பட்டவரிடம், விண்ணப்பித்துவிட்டேன் என்பதையும் அந்த வேலையின் எண்ணையும் எழுதிவிட்டால், தேடும் சிரமமில்லாமல் சொல்லிவைப்பார்.

இவ்வளவும் செய்து பதில் வராமலும் போகும். இடம் காலியில்லாமல் இருக்கலாம், அந்த வாரம் சம்பளத்துக்குப் பணம் புரட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு வாரம் கழித்து, அதே கடிதத்தின் தொடர்ச்சியாக ஒருமுறை எழுதலாம். ‘என் கடிதத்தைப் பார்த்தீர்களா’ என்று மட்டும் கேட்டால் முன்னோட்டத்தில் அந்தக் கேள்விதான் தெரியும். ‘புது வெர்ஷனிலும் சோதித்தேன், சில்லறை ரிட்டர்ன் இன்னும் அப்படியேதான் ஏறுகிறது, முழு அட்டை ரிட்டர்ன் சரியாக இருக்கிறது’ என்று எழுதினால், கோளாறு எந்த இடத்தில் இருக்கிறதென்று அவருடைய ஆட்களுக்கு ஒரு படி நெருக்கமாகத் தெரியும்.