கம்ப்யூட்டர்கள் மணி கேட்கும் விதம்

வங்கிக் கணக்கிலோ மின்னஞ்சலிலோ நுழைய சிலர் மொபைலில் ஒரு செயலி வைத்திருப்பார்கள். அது 30 வினாடிக்கு ஒருமுறை புதிய ஆறு இலக்க எண்ணைக் காட்டும். அந்த எண்ணை யாரும் அனுப்பிவைப்பதில்லை. மொபைலும் சர்வரும் தமக்குள் பகிர்ந்துகொண்ட ஒரு ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் வைத்துத் தனித்தனியே கணக்குப் போடுகின்றன. இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். மொபைலின் கடிகாரம் இரண்டு மூன்று நிமிடம் பிசகினால், எண்ணைச் சரியாக அடித்தும் 'தவறான எண்' என்றே பதில் வரும்.

கடிகாரம் பிசகுவது இயல்பு. கம்ப்யூட்டருக்குள் நேரத்தை எண்ணுவது ஒரு குவார்ட்ஸ் படிகம். மதர்போர்டில் பட்டன் பேட்டரியோடு ஓடும் கடிகாரத்தில் அது வினாடிக்கு 32,768 முறை அதிரும். ஆனால் எந்த இரண்டு படிகமும் அச்சுப் பிசகாமல் ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. அறையின் சூடு ஏறி இறங்கினாலும் வேகம் மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு வேகம் மாறினால்கூட ஒரு நாளில் சுமார் 1.7 வினாடி தள்ளிப்போகும். ஒரு வருடம் அப்படியே விட்டால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும்.

ஆகவே கம்ப்யூட்டர் அவ்வப்போது மணி கேட்கிறது. எங்கோ ஓர் அணுக் கடிகாரமோ ஜி.பி.எஸ். கருவியோ இணைக்கப்பட்ட சர்வர் இருக்கிறது. நம் நாட்டில் இந்திய நேரத்தைக் காப்பது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். இப்படிப்பட்ட சர்வரிடம் நேராகவோ, அதைப் பார்த்து ஓடும் இன்னொரு சர்வரிடமோ கேட்கலாம். சிக்கல் கேள்வியில் இல்லை, பதிலில் இருக்கிறது. 'இப்போது மணி பத்து' என்று சர்வர் சொல்லும்; அந்தப் பதில் வந்து சேர்வதற்குள் பத்து மணி கடந்திருக்கும். எவ்வளவு கடந்தது என்று அளக்க நம்மிடம் இருப்பதோ பிசகிய கடிகாரம்.

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் இதற்கு வழி கண்டார். 1985-இல் என்.டி.பி. என்ற நெறிமுறையாக அது வெளியானது. 2024-இல் அவர் காலமானார். இன்றும் உலகின் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் மணி கேட்கின்றன.

வழி இதுதான். ஒரு கேள்வி, ஒரு பதில்; அதற்குள் நான்கு நேரக் குறிப்புகள். கேள்வி கிளம்பும்போது நம் கடிகாரம் காட்டிய நேரம் ஒன்று. அது சர்வரை அடைந்தபோதும், பதில் அங்கிருந்து கிளம்பியபோதும் சர்வரின் கடிகாரம் காட்டிய நேரங்கள் இரண்டு. பதில் நம்மிடம் வந்தபோது நம் கடிகாரம் காட்டியது நான்காவது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லேப்டாப் சரியாக 100 மில்லி வினாடி பிந்தி ஓடுகிறது; அது லேப்டாப்புக்குத் தெரியாது. தன் கடிகாரத்தில் 0 காட்டும்போது கேள்வியை அனுப்புகிறது. கேள்வி போய்ச்சேர 20 மில்லி வினாடி ஆகிறது. சர்வரின் கடிகாரம் அப்போது 120 காட்டும். 2 மில்லி வினாடி கழித்து, 122-இல், பதில் கிளம்புகிறது. திரும்பிவர இன்னொரு 20. அந்தத் தருணத்தில் லேப்டாப் காட்டுவது 42.

லேப்டாப் இப்போது இரண்டு கழித்தல்களைச் செய்கிறது. போகும் வழியில் 120-இல் இருந்து 0-ஐக் கழித்தால் 120. வரும் வழியில் 122-இல் இருந்து 42-ஐக் கழித்தால் 80. முதலாவதில் பயண நேரம் பிசகோடு கூடியிருக்கிறது. இரண்டாவதில் அதே பயண நேரம் பிசகிலிருந்து கழிந்திருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பயண நேரம் அடிபட்டுப்போய் 100 மட்டும் நிற்கிறது. பயணம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று தனியாக அறியாமலே பிசகு கைக்கு வந்துவிட்டது. இவ்வளவு எளிய கணக்கில் இது முடிந்துவிடுவது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் போக எடுத்த நேரமும் வர எடுத்த நேரமும் சமம் என்பது இதில் ஒரு நம்பிக்கை மட்டுமே. வீட்டில் யாராவது பெரிய சினிமா ஒன்றை டவுன்லோடு செய்கிறார்கள், வரும் வழியில் நெரிசல், பதில் வர 60 மில்லி வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காவது குறிப்பு 82 ஆகிவிடும். விடை 100-க்குப் பதில் 80 என்று வரும். இரு வழிகளுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி அப்படியே பிழையாகத் தங்கிவிடுகிறது. இந்தப் பிழையை இந்தக் கணக்கால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் அதன் எல்லை தெரியும்: போய்வர ஆன மொத்த நேரத்தில் பாதியைத் தாண்டாது. இங்கே மொத்தம் 80, எனவே பிழை எப்படியும் 40-க்குள்தான். என்.டி.பி. கடைசி எட்டு பதில்களை வைத்துக்கொண்டு, அவற்றில் மிகக் குறைந்த நேரத்தில் போய்வந்ததையே நம்புவது இதனால்தான். சீக்கிரம் வந்த பதில் நெரிசலில் சிக்கியிருக்க வாய்ப்பு குறைவு.

பிசகு தெரிந்ததும் முள்ளைச் சட்டென்று நகர்த்திவிடக் கூடாது. முந்தி ஓடும் கடிகாரத்தைப் பின்னுக்கு இழுத்தால், பிறகு எழுதிய கோப்பு முன்பே எழுதப்பட்டதாகப் பதிவாகும். பணம் வந்துசேரும் முன்பே செலவானதாகக் கணக்கில் ஏறும். அதனால் சின்னப் பிசகுகளுக்குக் கடிகாரத்தின் வேகமே மாற்றப்படுகிறது. வினாடிக்கு அதிகபட்சம் அரை மில்லி வினாடி கூட்டலாம் அல்லது குறைக்கலாம். நம் லேப்டாப்பின் 100 மில்லி வினாடியைச் சரிக்கட்ட குறைந்தது 200 வினாடி பிடிக்கும். பிசகு 128 மில்லி வினாடிக்கு மேல் போய், சில நிமிடம் அப்படியே நீடித்தால்தான் ntpd என்ற மூல நிரல் ஒரே தாவலாகத் திருத்தும்.

மாதக்கணக்கில் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும் நிரலுக்குத் தன் படிகத்தின் குணமும் பிடிபட்டுவிடுகிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் chrony என்ற நிரலில் இதை நேரிலேயே பார்க்கலாம். `chronyc tracking` என்று அடித்தால் வரும் பல வரிகளில் இரண்டு இப்படி இருக்கும்:

```
System time : 0.000021 seconds slow of NTP time
Frequency   : 18.400 ppm fast
```

இரண்டாவது வரி, இந்தப் படிகம் திருத்தாமல் விட்டால் பத்து லட்சத்துக்கு 18.4 பங்கு வேகமாக ஓடும், அதாவது நாளொன்றுக்கு சுமார் 1.6 வினாடி முந்தும் என்கிறது. இது தெரிந்திருப்பதால் இணையம் அறுந்துபோனாலும் நிரல் தானே அந்த அளவைக் கழித்துக்கொண்டு ஓட்டும்.

இவ்வளவும் சர்வர் உண்மை சொல்லும்வரைதான். 2012 நவம்பர் 19 அன்று, அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் நேர சர்வர்கள் சிறிது நேரம் ஆண்டு 2000 என்று பதில் சொல்லின. உலகிலேயே நம்பகமான கடிகாரங்களை வைத்திருக்கும் இடம் அது. அதை மட்டுமே நம்பியிருந்த அலுவலகங்களில் கம்ப்யூட்டர்கள் பன்னிரண்டு வருடம் பின்னால் போயின. ஊழியர்களால் லாகின் செய்ய முடியவில்லை.

ஒரே சர்வரைக் கேட்டால் அது தவறுவதை அறிய வழியில்லை. இரண்டைக் கேட்டால் முரண்பாடு தெரியும், யார் பக்கம் தவறு என்று தெரியாது. மூன்றிலிருந்துதான் தீர்ப்பு சொல்ல முடிகிறது. மேலே பார்த்த பிழையின் எல்லை இங்கே மீண்டும் கைகொடுக்கிறது. ஒவ்வொரு சர்வரின் பதிலையும் 'இந்த நேரம் முதல் இந்த நேரத்துக்குள்' என்ற ஒரு வீச்சாகவே நிரல் எடுத்துக்கொள்கிறது. பெரும்பான்மையின் வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் உண்மை நேரம் இருக்க வேண்டும். அந்த இடத்தைத் தொடாத சர்வர் எவ்வளவு பெரிய பெயருடையதானாலும் ஒதுக்கப்படும். நான்கு சர்வர்களைக் குறித்துவைக்கச் சொல்வது, அவற்றில் ஒன்று நின்றுபோனாலும் மூன்று மிஞ்சட்டும் என்பதற்காக. சர்வர்கள் வெவ்வேறு நிறுவனங்களுடையதாக இருப்பதும் முக்கியம். ஒரே கட்டடத்தில் உள்ள நான்கும் ஒரே தவறைச் சேர்ந்தே சொல்லக்கூடும்.