இயர்பட்ஸைத் தேடி வரும் இணைப்பு

வயர்லெஸ் இயர்பட்ஸ் இணைப்பு நிலைக்கு வந்ததும், தான் இருப்பதைப் புளூடூத் அலைகளில் சுற்றிலும் அறிவிக்கிறது. அருகிலுள்ள போன் அதைக் கேட்டு, ‘இணைக்கவா?’ என்று திரையில் காட்டுகிறது. இந்த அறிவிப்பை யாரும் போலியாக அனுப்ப முடியும். இயர்பட்ஸ் கையில் இருக்க வேண்டியதுகூட இல்லை. 2023-இல் ஃபிளிப்பர் ஜீரோ என்ற சிறு கருவியால் சிலர் பக்கத்திலிருந்த ஐபோன்களில் இப்படிக் கோரிக்கைகளைக் கொட்டினார்கள். சில போன்கள் திணறி நின்றன.

ரயிலில் முன்பின் தெரியாத பெயரில் கோரிக்கை வந்தால், பெரும்பாலும் சக பயணி யாரோ புது இயர்பட்ஸை இணைத்துக்கொண்டிருப்பார். திரையில் தோன்றியதாலேயே எதுவும் களவு போவதில்லை, மூடிவிட்டால் போதும். முதலில், பையிலுள்ள தன் கேஸே திறந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, போனின் புளூடூத் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் நீக்க வேண்டும். தொல்லை ஓயாவிட்டால் புளூடூத்தை அணைக்கலாம். ஐபோனின் கன்ட்ரோல் சென்டர் பொத்தான் இணைப்பைத் துண்டிக்குமே தவிர புளூடூத்தை முழுதாக அணைக்காது. Settings-க்குள் போய்த்தான் அணைக்க வேண்டும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது, திரையில் எதுவும் காட்டாமல் நடப்பதைப் பற்றித்தான். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2026 ஜனவரியில் வெளியிட்ட ‘விஸ்பர்பேர்’ குறைபாடு அத்தகையது. கூகுளின் ஃபாஸ்ட் பேர் விதிப்படி, இணைப்பு நிலையில் இல்லாத இயர்பட்ஸ் புதிய கோரிக்கையைப் புறக்கணிக்க வேண்டும். பல நிறுவனங்களின் கருவிகள் அதைச் செய்யவில்லை. எனவே சில மீட்டர் தள்ளியிருக்கும் அந்நியர் சில நொடிகளில் இணைந்து, அதில் ஒலி எழுப்பவோ மைக் வழியே பேச்சைக் கேட்கவோ முடிந்தது. குறை இருப்பது இயர்பட்ஸில். அதனால் ஐபோன் வைத்திருப்பவருக்கும் ஆபத்து உண்டு. போனில் ஃபாஸ்ட் பேர் வசதியை அணைத்தாலும் பயனில்லை.

மருந்து ஒன்றுதான்: இயர்பட்ஸின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது. ஏர்பாட்ஸ், ஐபோன் அருகே சார்ஜ் ஆகும்போது தானே புதுப்பித்துக்கொள்ளும். மற்ற பலவற்றுக்கு நிறுவனத்தின் செயலி தேவை. பாட்டு கேட்க அது தேவைப்படாததால் பலர் நிறுவுவதே இல்லை. புதுப்பிப்பும் வந்து சேர்வதில்லை. ஆக, செயலியை நிறுவி, ஃபர்ம்வேர் பகுதியில் புதிய பதிப்பு உண்டா என்று பார்ப்பதே முதல் வேலை.

ஒலி காரணமின்றி அறுந்து வேறு ஏதேனும் ஒலித்தால் சந்தேகிக்கலாம். அப்போது ஃபாக்டரி ரீசெட் செய்தால் ஒட்டிக்கொண்ட அந்நிய இணைப்பு நீங்கும்; ஓட்டை அடைபடாது. புதுப்பிப்பே வெளியிடாத மாடலை வைத்திருப்பவர்கள் பொது இடங்களில் அதை அணியாமல், கேஸில் மூடியே வைத்துக்கொள்ளுங்கள்.