கணக்கை பூட்டிவிட்டு பணம் கேட்கும் 'ரான்சம்வேர்': ஒரே கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடைக்காரர்கள் உஷார்!

தூத்துக்குடி:

'மால்வேர், ரான்சம்வேர் தாக்கும் அபாயம். எச்சரிக்கையாக இருக்கவும்' என்று பாதுகாப்பு நோட்டீஸ் வந்தால், படிச்சிட்டு அப்படியே விட்டுவிடும் கடைக்காரர்கள்தான் அதிகம். அப்படின்னா என்ன?

கம்ப்யூட்டருக்கு கேடு செய்ய எழுதப்பட்ட எல்லா புரோகிராமுக்கும் பொதுப்பெயர் மால்வேர். வைரஸ் அதில் ஒரு வகை. பாஸ்வேர்டை திருடுவது இன்னொரு வகை. பைல்களை பூட்டிவிட்டு, திறக்க பணம் கேட்கும் வகைக்குத்தான் ரான்சம்வேர் என்று பெயர். ஆளை கடத்தி பணம் பறிப்பது மாதிரி, இங்கே கணக்கு பிணைக்கைதி!

2017-ம் ஆண்டு மே மாதம் 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் உலகையே கலக்கியது. பக்கத்து மாநிலமான கேரளாவில், வயநாடு மாவட்டம் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்தில் 4 கம்ப்யூட்டர்கள் சிக்கின. திரையில் 300 டாலர் கேட்டு மிரட்டல் வந்தது. அன்றைய மதிப்பில் அது சுமார் 19 ஆயிரம் ரூபாய். 3 நாளில் கட்டாவிட்டால் இரட்டிப்பு, 7 நாள் போனால் பைல் கிடைக்காது என்று கெடு வேறு!

இதில் யாரும் தப்பான பைலை திறக்கவே தேவையில்லை. விண்டோசில் இருந்த ஓட்டை வழியாக, நெட்வொர்க்கில் தானாகவே பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்கள் மாட்டிக்கொண்டனர்.

திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுக்காரர்களுக்கு வலை, கயிறு கடன் கொடுக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். யார் எவ்வளவு பாக்கி என்பது ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒருநாள் காலையில் பாக்கி பைல் திறக்கவில்லை. பெயருக்கு பின்னால் புதுசா ஏதோ எழுத்து ஒட்டியிருக்கிறது. வான்னாக்ரையில் அது .WNCRY என்று இருந்தது. எல்லா பைலும் இப்படி மாறினால், அது ரான்சம்வேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

உடனே நெட் ஒயரை பிடுங்க வேண்டும். வைபை என்றால் அணைக்க வேண்டும். ஆன்டிவைரஸ் போட்டால் சரியாகிவிடுமா? ரான்சம்வேரை அது அழிக்கலாம். ஆனால் பூட்டிய பைலை திறக்காது. பணம் கட்டினாலும் சாவி வரும் என்று உறுதி இல்லை. வான்னாக்ரையில் பணம் கட்டியது யார் என்று அடையாளம் காணவே சரியான ஏற்பாடு இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கைகொடுப்பது பேக்கப் மட்டும்தான். தினமும் கடை அடைக்கும்போது கணக்கை பென்டிரைவில் காப்பி எடுத்து, கழற்றி வைக்க வேண்டும். செருகியே விட்டால் அதையும் சேர்த்து பூட்டிவிடும். 2 பென்டிரைவை மாற்றி மாற்றி பயன்படுத்தினால், ஒன்று கெட்டாலும் முந்தைய நாள் கணக்கு மிஞ்சும்.

பேக்கப் இல்லாதவர்கள் பூட்டிய பைல்களை அழித்துவிடக்கூடாது. சில வகைகளுக்கு nomoreransom.org தளத்தில் இலவச சாவி கிடைக்கிறது. புகாரை 1930 என்ற எண்ணிலோ, cybercrime.gov.in தளத்திலோ கொடுக்கலாம். மிரட்டல் வந்த திரையை செல்போனில் போட்டோ எடுத்து வைத்தால் இரண்டுக்குமே உதவும்.