இதழாசிரியருக்கு ஒரு பக்கம்

மருத்துவ ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளை உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். அந்தக் கட்டுரையோடு இணைத்து அனுப்பப்படும் கவர் லெட்டரை இதழ் அலுவலகத்தில் இருக்கும் சிலரைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. அது அச்சில் வராது. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் இதழாசிரியர் முகம் சுளிப்பார். ஆனாலும், கட்டுரையை நிபுணர்களின் பார்வைக்கு அனுப்புவதா, அன்றைக்கே திருப்பிவிடுவதா என்று அவர் யோசிக்கும்போது கையில் இருப்பது அந்த ஒரு பக்கம்தான்.

அதில் வழக்கமான வரிகள் சில உண்டு. இந்தக் கட்டுரை வேறெங்கும் வெளியாகவில்லை, வேறு இதழின் பரிசீலனையிலும் இல்லை, எல்லாக் கட்டுரையாளர்களும் படித்து ஒப்புக்கொண்டார்கள், நெறிமுறைக் குழு அனுமதி தந்தது, சோதனை பதிவேட்டில் பதிவாகியிருக்கிறது, பதிவு எண் இன்னது. இவற்றை எழுத யாருக்கும் சிரமமில்லை. சிரமம் இரண்டு இடங்களில்தான்: இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று சொல்லும் பத்தி, இதில் யாருக்கு என்ன ஆதாயம் என்று சொல்லும் பத்தி.

முதலாவதைப் பார்ப்போம். "உலகிலேயே முதல் முறையாக" என்று தொடங்கும் கடிதங்கள் ஏராளம். இதழாசிரியர் ஒரு தேடுபொறியில் நான்கு சொற்களைத் தட்டினால் இரண்டு நிமிடத்தில் அந்த வீராப்பு உடைந்துபோகும். அனுபவசாலிகள் அப்படி எழுதுவதில்லை. இதுவரை தெரிந்தது என்ன, தெரியாமல் இருந்தது என்ன, இப்போது தெரியவந்தது என்ன என்று மூன்றே வாக்கியங்களில் முடித்துவிடுவார்கள்.

உதாரணத்துக்கு, உண்ணிக் காய்ச்சல் என்று நம் ஊரில் சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடத்திய சோதனை 2023-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. நோய் முற்றிய ஏறத்தாழ 800 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் இதழுக்கு எழுதிய கடிதம் பொதுவெளியில் இல்லை. ஆனால் வெளியான கட்டுரையை வைத்துப் பார்த்தால், அப்படியொரு கடிதத்தின் புதுமைப் பத்தி இப்படி அமையலாம்:

"தீவிர ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் தனித்தனியாகத் தரப்படுகிறது. இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகத் தந்தால் பலன் கூடுமா என்பதற்கு வலுவான சான்று இல்லை. இறப்பு, ஏழாம் நாளிலும் நீடிக்கும் சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் கூட்டு மருந்துப் பிரிவில் 33 சதவீதம். டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47, அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம்."

இதற்குக் கீழே இன்னொரு வாக்கியம் சேர வேண்டும். இறப்பை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் மூன்று பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பலன் பெரும்பாலும் சிக்கல்கள் சீக்கிரம் தீர்ந்ததில்தான். இதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுவது புத்திசாலித்தனம். சொல்லாமல் விட்டால் மதிப்புரையாளர் எப்படியும் கண்டுபிடிப்பார். அதன்பிறகு மற்ற எண்களையும் இதழாசிரியர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இனி இரண்டாவது பத்தி. 1998-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சக மருத்துவர்களும் 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையொன்றை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கிலியைக் கிளப்பியது அதுதான். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்கத் தயாராகிவந்த வழக்கறிஞர் ஒருவர் மூலம் அரசின் சட்ட உதவி நிதியிலிருந்து பணம் வந்திருந்ததை வேக்ஃபீல்ட் இதழுக்குச் சொல்லவில்லை. அந்தக் குழந்தைகளில் சிலருடைய பெற்றோர் அதே வழக்கறிஞரின் கட்சிக்காரர்கள். போதாக்குறைக்கு, 1997-லேயே தட்டம்மைக்கான தனித் தடுப்பூசி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பமும் போயிருந்தது.

2004-ல் பத்திரிகையாளர் பிரையன் டீர் இவற்றை வெளிக்கொண்டுவந்தார். இது தெரிந்திருந்தால் தடுப்பூசி தொடர்பான பகுதியை வெளியிட்டிருக்கவே மாட்டோம் என்றார் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன். கட்டுரையின் 13 ஆசிரியர்களில் பத்துப் பேர் அதன் விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010-ல் இதழ் கட்டுரையை முழுதாகத் திரும்பப் பெற்றது. ஆதாயத்தை மறைத்தது அதன் ஒரே குற்றமல்ல. குழந்தைகளைத் தேர்ந்தெடுத்த விதமும் நோய்க் குறிப்புகளும் பின்னால் பொய்த்துப்போயின. ஆனால் "இந்த 12 குழந்தைகளும் எப்படி உங்களிடம் வந்தார்கள்?" என்று 1998-லேயே கேட்க, பணம் வந்த வழியைச் சொல்லும் ஒரு வரி போதுமாயிருந்திருக்கும்.

எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம்? லான்செட் அப்போது வைத்திருந்த அளவுகோல் எளிமையானது: பின்னால் வெளியே தெரிந்தால் உங்களுக்குச் சங்கடமாக இருக்குமா? இருக்குமென்றால் இப்போதே சொல்லுங்கள். மனிதர்களுக்குச் சங்கடம் வேறுவேறு அளவில் வருகிறது என்பதுதான் அதிலுள்ள கோளாறு. அதனால் மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த படிவம் நாணத்தை நம்பாமல் காலத்தைக் கேட்கிறது. இந்த ஆய்வுக்காகப் பெற்றது என்றால், திட்டமிட்ட நாளிலிருந்து எல்லாம், கால வரம்பு இல்லாமல். மற்ற உறவுகள் என்றால் கடந்த 36 மாதங்கள்.

பச்சிளம் குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்கான ஒளிச்சிகிச்சைக் கருவியை ஒரு மருத்துவர் ஆய்வு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். "நலன் முரண் ஏதுமில்லை" என்று எழுதவே கை முதலில் போகும். அவர் மனதில் அது பொய்யும் அல்ல. யாரும் அவருக்கு லஞ்சம் தரவில்லையே. உட்கார்ந்து யோசித்தால் பத்தி வேறாகிறது:

"ஆய்வில் பயன்படுத்திய நான்கு கருவிகளைத் தயாரிப்பு நிறுவனம் இலவசமாகத் தந்தது. ஆய்வை வடிவமைப்பதிலோ தரவுகளை அலசுவதிலோ கட்டுரை எழுதுவதிலோ அதற்குப் பங்கில்லை. முதல் கட்டுரையாளர் சென்ற ஆண்டு அந்நிறுவனத்தின் இரண்டு கூட்டங்களில் பேசிக் கட்டணம் பெற்றார். மூன்றாம் கட்டுரையாளரின் மனைவி அந்நிறுவனத்தின் பங்குகளை வைத்திருக்கிறார். மற்றவர்களுக்குச் சொல்ல ஏதுமில்லை."

இதைப் படித்ததும் இதழாசிரியர் கட்டுரையைத் தூக்கி எறிந்துவிடமாட்டார். அவர் செய்யக்கூடியது, புள்ளியியல் நிபுணர் ஒருவரையும் மதிப்புரைக்குச் சேர்ப்பது. நான்கு கருவிகளைத் தந்த நிறுவனம் முடிவுகளை முன்கூட்டிப் பார்த்ததா என்றும் ஒரு கேள்வி கேட்கலாம். இந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. 1998-ல் கனடாவில் சிலர் கால்சியம் சேனல் மருந்துகள் பற்றிய 70 கட்டுரைகளை ஆராய்ந்தார்கள். அம்மருந்துகளை ஆதரித்து எழுதியவர்களில் 96 சதவீதத்தினருக்கு அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களோடு பணத் தொடர்பு இருந்தது. எதிர்த்து எழுதியவர்களில் 37 சதவீதத்தினருக்கு. எழுபதில் இரண்டே இரண்டு கட்டுரைகள்தான் அத்தகைய உறவைச் சொல்லியிருந்தன. பணத்துக்காகக் கருத்தை மாற்றினார்களா, கருத்தைப் பார்த்துப் பணம் தேடி வந்ததா என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. வாசகருக்கு அந்தத் தொடர்பு தெரியாமல் போனது மட்டும் நிச்சயம்.

மறைத்தாலும் இப்போது நெடுநாள் நிற்பதில்லை. அமெரிக்காவில் மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குத் தரும் பணம் 'ஓப்பன் பேமென்ட்ஸ்' என்ற அரசுத் தளத்தில் பெயரோடு வெளியாகிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ஹோசே பாசெல்கா, நிறுவனங்களோடான தொடர்புகளைப் பல கட்டுரைகளில் சொல்லவில்லை என்ற செய்தி 2018 செப்டம்பரில் வந்தது. சில நாட்களில் அவர் பதவி விலகினார்.

கடிதத்தை முடிக்கும் நேரத்தில் தாமதம் பெரும்பாலும் சக கட்டுரையாளர்களிடமிருந்துதான் வருகிறது. முதல் கட்டுரையாளருக்குத் தன் கணக்கு தெரியும். ஐந்தாமவரின் மனைவியிடம் என்ன பங்கு இருக்கிறதென்று தெரியாது. அதனால்தான் படிவத்தை ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரப்ப வேண்டும் என்கிறார்கள். ஆள் அனுப்பி, போன் போட்டு, ஒன்பது படிவங்களையும் வாங்கி மேசையில் அடுக்கிய பிறகு அந்தப் பத்தியை எழுத உட்காருவதுதான் சரியான வரிசை. கட்டுரை பரிசீலனையில் இருக்கும் மாதங்களில் யாராவது ஒருவர் அதே நிறுவனத்தின் ஆலோசகராகிவிட்டால், இதழுக்கு இன்னொரு கடிதம் போக வேண்டும்.