பழசில் நல்லது – 9: ‘டேப் ஏ எட்டு’ எந்த எட்டு?

போன வாரம் பழைய கைபேசியின் பேட்டரியைப் பார்த்தோம். இந்த வாரம் டேப்லெட். கூடலூரில் திராட்சைத் தோட்டத்து வேலை பார்க்கும் ஒருவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக ஒன்று வாங்க நினைத்தார். கம்பத்தில் ஒருவர் விற்பதாகச் சொல்லி, வாட்ஸ்அப்பில் வந்த மூன்று படங்களை எனக்கு அனுப்பினார். ஒன்று முன்பக்கம், ஒன்று பின்கேமரா, ஒன்று சார்ஜர் துவாரம். “சாம்சங் டேப் ஏ எட்டுண்ணே. டைப் சி போர்ட்டு இருக்கு, புது மாடல்தான்” என்றார்.

குழப்பம் அந்த ‘எட்டு’ என்ற பெயரிலேயே தொடங்குகிறது. சாம்சங் 2021 இறுதியில் அறிவித்த ‘கேலக்ஸி டேப் ஏ8’ உண்மையில் பத்தரை அங்குலக் கருவி. அதற்கு முன்பே 2015, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் ‘டேப் ஏ’ என்ற பெயரில் எட்டு அங்குலக் கருவிகள் வந்துவிட்டன. விற்பவர்கள் இந்த நான்கையும் ‘டேப் ஏ எட்டு’ என்றே சொல்கிறார்கள். பொய் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, பலருக்கு வித்தியாசம் தெரியாது. நான்கில் எது என்று படங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் முன்பக்கப் படம். திரையைச் சுற்றியுள்ள கறுப்பு ஓரத்தில் முன்கேமரா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2021-இன் ஏ8-இல் அது நீளமான பக்கத்தின் நடுவில் இருக்கும், அதாவது கருவியைப் படுக்கைவாட்டில் பிடித்தால் மேலே வரும். கீழே அமுக்கும் ஹோம் பட்டனும் அதில் கிடையாது. நம்மவர் அனுப்பிய படத்தில் கேமரா குறுகிய பக்கத்தின் மேலே இருந்தது. கீழ் ஓரத்தில் ஹோம் பட்டனும் இருந்தது. எனவே இது ஏ8 இல்லை. ஹோம் பட்டன் இல்லாத 2019 மாடலும் இல்லை. மிச்சம் 2015-உம் 2017-உம்.

இந்த இரண்டையும் பிரிக்க ஒரு அடிக்கோல் போதும். கைபேசியில் படத்தைப் பெரிதாக்கி, எரியும் திரையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து நீளத்தை அகலத்தால் வகுங்கள். 2015 மாடலின் திரை கொஞ்சம் சதுரமானது, விடை 1.33 வரும். 2017 மாடலுக்கு 1.6 வரும். எங்கள் படத்தில் 80 மில்லிமீட்டருக்கு 50, அதாவது சரியாக 1.6. படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு தவறும். எதிர் ஓரங்கள் இரண்டும் சம நீளமாகத் தெரிகிற, நேர்மேலே இருந்து எடுத்த படத்தைக் கேளுங்கள்.

இரண்டாவது படத்தில் பின்கேமராவின் பக்கத்தில் சின்ன ஃபிளாஷ் விளக்கு தெரிந்தது. 2017 மாடலுக்கு அது உண்டு, 2019 மாடலுக்கு இல்லை. மூன்றாவது படத்தில் துவாரம் இரு பக்கமும் உருண்ட நீள்வட்டமாக இருந்தது, அதாவது டைப் சி. பழைய மைக்ரோ யுஎஸ்பி என்றால் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கத்தின் இரு மூலைகள் சாய்ந்தும் இருக்கும்.

நம்மவர் ஏமாறவிருந்தது இந்தத் துவாரத்தில்தான். டைப் சி இருந்தால் புதுசு, மைக்ரோ இருந்தால் பழசு என்ற கணக்கு இந்தக் குடும்பத்தில் தலைகீழ். 2017 மாடலில் டைப் சி வைத்த சாம்சங், விலை குறைவான 2019 மாடலில் மைக்ரோவுக்குத் திரும்பிவிட்டது. துவாரத்தை மட்டும் பார்த்தவர் இரண்டு ஆண்டு பழையதைப் புதியது என்று நினைப்பார். அதனால் துவாரத்தைக் கடைசிச் சாட்சியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று படமும் 2017 என்றே சொல்லின. உறுதிசெய்ய, உறையைக் கழற்றி முதுகின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். வந்தது SM-T385. கடைசி எண் 5 என்றால் சிம் போடலாம்; 0 என்றால் (SM-T380) வைஃபை மட்டும். 2019 மாடலிலும் SM-T295, SM-T290 என்று இதே வழக்கம்தான். கூடலூரில் இது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் வைஃபை கிடையாது, அப்பாவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்தால் அவர் தோட்டத்துக்குப் போனதும் இணையமும் கூடவே போய்விடும். சிம் போடும் மாடல் என்பது இந்தக் கருவியின் நல்ல பக்கம்.

இனி மகளுக்கு ஆகுமா என்று பார்ப்போம். அவளுக்கு மூன்று வேலைகள். பாடநூலை பிடிஎஃப்பாகப் படிக்க வேண்டும். பாடநூலில் அச்சாகியிருக்கும் கியூஆர் கோடைப் பிடித்து விளக்கக் காணொளிக்குப் போக வேண்டும். பள்ளிக் கல்வித் துறை 2023-இல் கொண்டுவந்த மணற்கேணி செயலியில் பாடங்களைப் பார்க்க வேண்டும்.

படிப்பதற்குத் தாங்கும். எட்டு அங்குலத் திரையின் அகலம் சுமார் 10.8 சென்டிமீட்டர். பாடநூலின் முழுப் பக்கத்தையும் நிமிர்ந்த திரையில் காட்டினால் எழுத்து கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கும், கண் வலிக்கும். படுக்கைவாட்டில் திருப்பினால் 17 சென்டிமீட்டர் கிடைக்கிறது. எழுத்து அச்சின் அளவை நெருங்கும், பக்கத்தை இரண்டாக நகர்த்திப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். கியூஆர் கோடுக்கும் குறையில்லை. பின்கேமராவுக்கு ஆட்டோஃபோகஸ் இருக்கிறது. நிலையான ஃபோகஸ் உள்ள மலிவுக் கருவிகளில் கோடைக் கிட்டே கொண்டுபோனால் மங்கும், தள்ளிப் பிடித்தால் சின்னதாகிவிடும்.

சிக்கல் மூன்றாவதில். இந்தக் கருவி ஆண்ட்ராய்டு 9-உடன் நின்றுவிட்டது, இனி ஏறாது. சேமிப்பு 16 ஜிபி. அதில் ஆண்ட்ராய்டே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ரேம் 2 ஜிபி. செயலி இன்றைக்கு ஓடினாலும், அடுத்த புதுப்பிப்பு பழைய ஆண்ட்ராய்டைக் கைவிட்டால் பிளே ஸ்டோர் “இந்தக் கருவிக்குப் பொருந்தாது” என்று சொல்லிவிடும். மெமரி கார்டு போட்டால் நூல்களுக்கும் காணொளிக்கும் இடம் கிடைக்கும், ஆண்ட்ராய்டு ஏறாது. பிளஸ் டூ வரை இன்னும் நான்கு கல்வியாண்டுகள் ஓட வேண்டிய பெண்ணுக்கு இது பற்றாது. 2019 மாடல் ஆண்ட்ராய்டு 11 வரையும், 2021-இல் வந்த ‘டேப் ஏ7 லைட்’ 14 வரையும் ஏறின. பிந்தையதில் ரேமும் 3 ஜிபி.

“அப்போ கிண்டில் மாதிரி ஏதாச்சும்?” என்று கேட்டார். கதைப் புத்தகத்துக்கு அருமை, கண்ணுக்கும் இதம். ஆனால் சாதாரணக் கிண்டிலில் கேமரா இல்லை, கியூஆர் கோடைப் பிடிக்க முடியாது. ஆறங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையில் அறிவியல் பாடத்தின் வண்ணப்படங்களும் வரைபடங்களும் தெளியா. பள்ளிப் பாடத்துக்கு அது ஆகாது.

எந்த மாடலானாலும் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை உண்டு. விற்பவர் தம் கூகுள் கணக்கை நீக்கி, பிறகு முழுதாக அழித்து, உங்கள் கண்முன்னே புதிதாகத் தொடங்கிக் காட்டட்டும். பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் வாங்காதீர்கள். இந்தக் கருவி ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானது என்ற அறிவிப்பு வந்தாலும் வாங்காதீர்கள். ஹரியானா அரசு 2022-இல் சுமார் ஐந்து லட்சம் மாணவர்களுக்கு டேப்லெட் கொடுத்தது. இப்படி மொத்தமாக வழங்கப்படும் கருவிகளை வழங்கியவர்கள் தொலைவிலிருந்தே பூட்ட முடியும். அழித்தாலும் பூட்டு திரும்ப வரும். அது விற்பவருடைய பொருளும் அல்ல.

கூடலூர்க்காரருக்குச் சொன்ன பதில் இது: கம்பத்துக் கருவியை விடுங்கள். SM-T225 என்ற எண்ணோடு ‘டேப் ஏ7 லைட்’ ஒன்று கிடைக்கும்வரை பொறுங்கள். அதற்குள் அவசரம் என்றால் SM-T295, அதுவும் ஓரிரு ஆண்டுக்கு என்ற கணக்கில்.

அடுத்த வாரம்: ஆடுகிற சார்ஜர் துவாரம். அது தூசியா, உடைப்பா என்று கடையிலேயே கண்டுபிடிப்பது எப்படி?