பெயரை மறைத்த பின்னும் தெரிபவை

கொல்கத்தாவின் சால்ட் லேக்கில், குறிப்பாக மென்பொருள் நிறுவனங்களும் கால் சென்டர்களும் நெருங்கி நிற்கும் ஐந்தாம் செக்டாரில், பணிக்கு வந்து சேரும் தன்விவரக் குறிப்பின் முதல் வரியே பல நேரங்களில் விண்ணப்பித்தவரின் சமூகத்தைச் சொல்லிவிடுகிறது. முகர்ஜி என்றால் பிராமணர், சென்குப்தா என்றால் வைத்திய சாதியினர், முர்மு என்றால் சந்தால் பழங்குடியினர் என்று வங்காளத்தில் வளர்ந்தவர்கள் யோசிக்காமலே வகைப்படுத்திவிடுவார்கள். தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் தமிழரிடம் சாதி அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது என்றாலும், மதம் அங்கும் மறைவதில்லை.

இதன் விளைவை இந்தியாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழ்களில் தனியார் நிறுவனங்கள் தந்த 548 விளம்பரங்களுக்கு, தகுதி ஒத்திருக்கப் பெயர் மட்டும் வேறுபடும் விண்ணப்பங்கள் உட்பட 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு கிடைப்பதற்கான வாய்ப்பு விகிதம், அதாவது கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்குமான விகிதம், 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67 ஆகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது. அபிஜித் பானர்ஜியும் வேறு மூவரும் தில்லிப் பகுதியில் நடத்தி 2009இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வோ, மென்பொருள் பணிகளில் சாதி வேறுபாட்டைக் காணவில்லை; கால் சென்டர் பணிகளில்தான், முக்கியமாக உயர்சாதிப் பெயர்களுக்கும் பிற பிற்படுத்தப்பட்டோர் பெயர்களுக்கும் இடையே, இடைவெளி தெரிந்தது. தகுதியைத் துல்லியமாகச் சரிபார்க்க முடிகிற வேலையைவிட, ‘நல்ல பேச்சுத்திறன்’ போன்ற தளர்வான எதிர்பார்ப்பு ஆளும் வேலையில் ஊகத்துக்கு இடம் அதிகம் என்று இதைப் புரிந்துகொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இரண்டு வகைப் பணிக்கும் ஆள் எடுக்கும் ஐந்தாம் செக்டாருக்கு இந்த முடிவு நேரடியாகவே பொருந்தக்கூடியது.

பெயர், புகைப்படம், தந்தை பெயர், முகவரி, பிறந்த தேதி, திருமண நிலை ஆகியவற்றை மறைத்து எண் மட்டும் இட்டுத் தேர்வாளரிடம் கொடுப்பது பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. ஆனால் பிரான்சில் 2010–11இல் நடந்த சோதனை எச்சரிக்கை தருகிறது: விருப்பத்தோடு முன்வந்த நிறுவனங்களில் பெயரை மறைத்தபோது, குடியேறிய குடும்பத்தினரும் பின்தங்கிய வட்டாரத்தினரும் நேர்காணலுக்கு அழைக்கப்படுவது குறைந்தது. அந்நிறுவனங்கள் முன்பே அவர்களுக்குச் சாதகமாக இருந்தன என்பதும், அனுபவத்தில் உள்ள இடைவெளிக்கான சூழ்நிலையை ஊகித்துச் சலுகை காட்டும் வழி பெயரோடு சேர்ந்து மறைந்தது என்பதும் அதற்குத் தரப்பட்ட விளக்கங்கள்.

ஆகவே மறைப்பதற்கு முன்னால் அளப்பதே முறை. முந்நூறு பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனம் வாடிக்கையாளர் சேவைக்கு ஆள் எடுப்பதாகக் கற்பனை செய்தால், வந்த 200 விண்ணப்பங்களில் ஆண்கள் 120, பெண்கள் 80. நேர்காணலுக்குத் தேறியோர் ஆண்கள் 30, பெண்கள் 10. தேர்வு வீதம் ஆண்களுக்கு 25 சதவீதம், பெண்களுக்கு 12.5 சதவீதம், பின்னதை முன்னதால் வகுத்தால் 0.5 கிடைக்கும். இந்த ஈவு 0.8க்குக் கீழே போனால் காரணத்தைத் தேட வேண்டும் என்பது அமெரிக்காவில் 1978 முதல் வழங்கும் ‘ஐந்தில் நான்கு’ விதி. அது குற்றத்தை நிறுவுவதில்லை, தேட வேண்டிய இடத்தை மட்டுமே காட்டுகிறது.

அடுத்து, நிராகரிப்பை நிபந்தனைவாரியாகப் பிரித்தால், ‘கடைசி இரண்டு ஆண்டுகள் இடைவிடாத அனுபவம்’ என்ற ஒரே வரியால் பெண்கள் 32 பேரும் ஆண்கள் 12 பேரும் விழுந்திருப்பது தெரியவருகிறது என்று கொள்ளலாம். குழந்தை வளர்ப்புக்காக வேலையை நிறுத்தியவர்களைத்தான் அந்த வரி பெரும்பாலும் வடிகட்டியிருக்கும். பெயரை மறைத்திருந்தாலும் ஒருவரும் திரும்பி வந்திருக்க மாட்டார்கள். அந்த நிபந்தனையை நீக்கி, புகார்க் கடிதம் ஒன்றுக்குப் பதில் எழுதும் பதினைந்து நிமிடப் பயிற்சியை வைத்தால், வேலைக்கு உண்மையில் வேண்டிய திறன் அதில் தெரியும்.

மதிப்பெண் இடும் முறையிலும் கவனம் வேண்டும். எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பது விளம்பரம் வெளியாகும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். இருவர் தனித்தனியே, ஒருவரின் விண்ணப்பத்தை முழுதாகப் படித்து முடிக்காமல், எல்லோருடைய முதல் பதிலையும் திருத்திவிட்டு இரண்டாம் பதிலுக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் ஒரு நல்ல பதில் உண்டாக்கும் அபிப்பிராயம் அடுத்த பதிலின் மேல் படிந்துவிடும். பாலினமும் சமூகமும் விருப்பத்தின் பேரில் நிரப்பப்படும் தனிப் படிவத்தில், தேர்வாளர் கண்ணில் படாமல் இருந்தால்தான் மேற்சொன்ன கணக்கைப் போட முடியும்.

நடுத்தர நிறுவனத்துக்கு உள்ள பெரிய தடை எண்ணிக்கைதான். சந்தால் விண்ணப்பதாரர் ஐவரே இருக்கும்போது ஒருவர் தேறுவதும் தேறாததும் வீதத்தை 20 சதவீதப் புள்ளிகள் நகர்த்திவிடும் என்பதால், ஒரு சுற்றை வைத்து முடிவுக்கு வராமல் பல சுற்றுகளின் எண்களைச் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவரை, நிராகரித்த விண்ணப்பங்களிலிருந்து குருட்டாம்போக்கில் பத்தை எடுத்து வேறு இருவரிடம் புதிதாக மதிப்பிடக் கொடுக்கலாம். அவற்றில் மூன்று நான்கு தேறினால், கோளாறு விண்ணப்பதாரரிடம் இல்லை, வடிகட்டிய முறையிலேயே இருக்கிறது என்று கொள்ளலாம்.